காலாண்டின் கடைசி நாளில் திரும்பிவந்த கடன்

ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் பேசும். மார்ச் 31 அன்று கணக்கை மூடும்போது வங்கியில் எவ்வளவு இருந்தது, வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பணம் யார் கையில் இருந்தது என்று கேட்டால் அதில் பதில் கிடையாது. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை முடிக்கின்றன. ஆக, உற்றுப் பார்க்கப்படும் நாட்கள் ஆண்டுக்கு நான்கு. பார்க்கப்படாத நாட்கள் 361.

ஃபோர்ட்டிஸ் ஹெல்த்கேர் விவகாரம் நடந்தது அந்த 361 நாட்களில்தான். நாடு முழுக்க மருத்துவமனைகள் நடத்திய குழுமம் அது. சென்னை அடையாறு மலர் மருத்துவமனையும் பல ஆண்டுகள் அதன் கையில்தான் இருந்தது. அதன் புரமோட்டர்கள் மல்விந்தர் மோகன் சிங், ஷிவிந்தர் மோகன் சிங் சகோதரர்கள். ஃபோர்ட்டிஸ் ஹாஸ்பிடல்ஸ் என்ற அதன் முழு உரிமைத் துணை நிறுவனம், கையில் மிதமிஞ்சி இருந்த பணத்தை மூன்று தனியார் கம்பெனிகளுக்குக் குறுகிய காலக் கடனாகக் கொடுத்துவந்தது. பெஸ்ட் ஹெல்த்கேர், ஃபெர்ன் ஹெல்த்கேர், மாட்லேண்ட் வேர்ஸ் என்பவை அவற்றின் பெயர்கள். வங்கியை நடுவில் வைக்காமல் ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு நேரடியாகக் கொடுக்கும் இத்தகைய கடனுக்கு இன்டர் கார்ப்பரேட் டெபாசிட், சுருக்கமாக ஐ.சி.டி., என்று பெயர். சட்டப்படி அதில் தவறேதும் இல்லை.

தவறு இருந்தது நாட்காட்டியில். 2011-12 நிதியாண்டின் மூன்றாவது காலாண்டிலிருந்தே இந்தக் கடன்கள் ஒரே தாளத்தில் நடந்ததாக செபி பிற்பாடு தன் உத்தரவில் சொன்னது. காலாண்டு பிறந்ததும் பணம் போகும். காலாண்டு முடிவதற்குள் திரும்பிவரும். அடுத்த காலாண்டு பிறந்ததும் மறுபடியும் போகும். அதனால் கணக்கு மூடும் நாளில் கடன் என்று எதுவும் நிலுவையில் தெரியாது. பெண் பார்க்க வரும் நாளில் மட்டும் அடகுக் கடையிலிருந்து மீட்டுப் போட்டுக்கொண்டு, மறுநாளே திரும்ப அடகு வைக்கிற நகை மாதிரி.

2017 ஜூலை 1 அன்று சுமார் 473 கோடி ரூபாய் போனது. இந்த முறை முழுதாகத் திரும்பவில்லை. 2018 பிப்ரவரியில் செய்தி வெளியே வந்தபோது சகோதரர்கள் இயக்குநர் குழுவிலிருந்து விலகினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டு, வட்டியோடு சுமார் 403 கோடியை மீட்கச் சொன்னது. 2022-ல் வந்த அதன் உத்தரவில், சுமார் 397 கோடி ரூபாய் இடைத்தரகுக் கம்பெனிகள் வழியாகச் சுற்றி, சகோதரர்களின் ஆர்.எச்.சி. ஹோல்டிங் நிறுவனத்தின் பலனுக்குப் போய்ச் சேர்ந்தது என்று முடிவுக்கு வந்தது.

இதில் ஆடிட்டர்களுக்கான உண்மையான புதிர் தொகை அல்ல. அந்த மூன்று கம்பெனிகளும் யார் என்பதுதான். செய்தி வெடித்தபோது ஃபோர்ட்டிஸ் தந்த விளக்கத்தின் சாரம் இது: கடன் கொடுத்தபோது அவை எங்களுக்கு அந்நியக் கம்பெனிகள், பிறகு பங்குகள் கைமாறியதால்தான் புரமோட்டர் குழுவுக்குள் வந்தன. காகிதத்தைப் பார்த்தால் அது பொய்யும் அல்ல. 2017 டிசம்பர் நடுப்பகுதி வரை அவற்றுக்கும் குழுமத்துக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை என்றுதான், பின்னால் நடந்த தனி விசாரணையின் அறிக்கையும் சொன்னது. ஆனால் அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது. அந்தக் கடன்களைத் தீர்க்கப் புரமோட்டர்கள் தங்கள் சொத்துகளை வைத்து வழி தேடியிருக்கிறார்கள். சம்பந்தமே இல்லாத மூன்றாம் மனிதரின் கடனை அடைக்க யாராவது சொந்தச் சொத்தைக் கணக்குப் பார்ப்பார்களா? உறவின் வெளித்தோற்றத்தை விட்டு உட்பொருளைப் பார்த்தால் இவற்றைத் தொடர்புடைய தரப்பாகக் கருத இடமுண்டு என்றது அறிக்கை.

தொடர்புடைய தரப்பு, ஆடிட்டர் அலுவலகத்தில் எல்லோரும் சொல்வதுபோல ‘ரிலேட்டட் பார்ட்டி’, யார் யார் என்று கம்பெனிகள் சட்டம் 2013 ஒரு பட்டியல் தருகிறது. இயக்குநர்கள், உயர் நிர்வாகிகள், அவர்களின் உறவினர்கள், அவர்கள் பங்குதாரராக இருக்கும் கூட்டு வணிக நிறுவனங்கள், அவர்களோ உறவினர்களோ இயக்குநராகவோ பங்குதாரராகவோ இருக்கும் தனியார் கம்பெனிகள், துணை நிறுவனங்கள், தாய் நிறுவனம் என்று அது நீள்கிறது. உறவினர் என்றால் யார் என்றும் விதி சொல்கிறது: கணவன் அல்லது மனைவி, அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்கா தங்கை, போதாததற்கு, இந்துக் கூட்டுக் குடும்பம் ஒன்று இருந்தால் அதன் உறுப்பினர்கள்.

இந்தப் பட்டியலை நம் ஊர்க் குடும்பத் தொழில்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மனைவியின் அண்ணன் இல்லை. மாமனார் இல்லை. சம்பந்தி இல்லை. கொழுந்தியாளின் கணவர் இல்லை. ‘மச்சான் பேரில் ஒரு கம்பெனி’ என்பது கொங்கு நாட்டில் மட்டுமல்ல, இந்தியா முழுக்க ஓடும் தொழில்முறை. சட்டத்தின் பட்டியலில் மட்டும் மச்சானுக்கு இடமில்லை. கணக்கியல் தரநிலையான இண்ட் ஏ.எஸ். 24 இங்கே கொஞ்சம் புத்திசாலித்தனமானது. கம்பெனியோடு நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அந்த மனிதர்மேல் செல்வாக்குச் செலுத்தக்கூடிய நெருங்கிய குடும்பத்தினர் யார் என்று அது கேட்கிறது. சட்ட வடிவத்தைவிட உறவின் உட்பொருளைப் பார் என்றும் சொல்கிறது. ஃபோர்ட்டிஸ் அறிக்கை பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான்.

சரி, ஆடிட்டர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

முதல் படி கேட்பது. இயக்குநர்கள் ஒவ்வொருவரும் ஆண்டின் முதல் போர்டு கூட்டத்தில் எம்.பி.பி-1 என்ற படிவத்தில், தனக்கு எந்தெந்தக் கம்பெனியில் அக்கறை உண்டு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நிர்வாகம் அதைத் தொகுத்து ஒரு பட்டியலாகத் தரும். தணிக்கை முடியும்போது, ‘எங்களுக்குத் தெரிந்த எல்லா உறவுகளையும் சொல்லிவிட்டோம்’ என்று ஒரு எழுத்துமூல உறுதிமொழியிலும் கையெழுத்துப் போடும். இந்தப் படி பெரும்பாலும் சம்பிரதாயமாகிவிடுகிறது. போன வருஷப் பட்டியலை எடுத்து, தேதியை மாற்றி, புதிதாகச் சேர்ந்த இயக்குநரின் பெயரைச் சேர்த்து, ஆர்ட்டிகிள் பயிற்சிப் பையனிடம் ‘டிக் போட்டு வை’ என்று கொடுக்கும் அலுவலகங்கள் உண்டு. மறைக்க நினைக்கிறவர் இந்தப் பட்டியலில் எழுதமாட்டார் என்பது வெளிப்படை. ஆனாலும் இது வீண்வேலை அல்ல. பிற்பாடு ஒரு பெயர் வெளியே வரும்போது, அதை எழுதாமல் விட்டது மறதியா திட்டமா என்று தீர்மானிக்க இந்தக் காகிதம்தான் ஆதாரம்.

இரண்டாவது படியில்தான் வேலை தொடங்குகிறது. தணிக்கைத் தரநிலையான எஸ்.ஏ. 550, ஆடிட்டரிடம் பட்டியலைச் சரிபார்ப்பதோடு நிற்காதே, வேறு வேலையாக எதைப் படித்தாலும் சொல்லப்படாத உறவின் வாடை அடிக்கிறதா என்று கண்ணைத் திறந்து வை என்கிறது. வங்கிகள் அனுப்பும் உறுதிக் கடிதங்கள், வக்கீல்களின் கடிதங்கள், மினிட்ஸ் புத்தகம் ஆகியவற்றைக் கட்டாயம் இந்தக் கண்ணோடு படிக்கவேண்டும். வழக்கமான தொழிலுக்கு வெளியே ஒரு பெரிய பரிவர்த்தனை தென்பட்டால், அதன் தன்மை என்ன, அதற்குப் பின்னால் தொடர்புடைய யாராவது இருக்கிறார்களா என்று நிர்வாகத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

காலாண்டு ஆட்டத்தைப் பிடிக்க இதில் மிக எளிய கருவி வட்டி. ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கம்பெனி ஜூலை 1 அன்று 100 கோடி ரூபாயை 10 சதவீத வட்டிக்குக் கொடுத்து, செப்டம்பர் 30 அன்று திரும்ப வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 91 நாளுக்கு வட்டி சுமார் 2 கோடியே 49 லட்சம். ஆண்டு முழுக்க இதையே நான்குமுறை செய்தால் கிட்டத்தட்ட 10 கோடி வட்டி வருமானம் லாப நஷ்டக் கணக்கில் ஏறும். ஆனால் நான்கு காலாண்டு முடிவிலும் பேலன்ஸ் ஷீட்டில் கடன் பாக்கி பூஜ்யம். கொடுக்காத கடனுக்கு வட்டி எங்கிருந்து வந்தது? பேலன்ஸ் ஷீட் ஒரு நாளைத்தான் காட்டும். லாப நஷ்டக் கணக்கோ முழு ஆண்டையும் காட்டும். இரண்டையும் அருகருகே வைத்தாலே போதும், மறைந்திருப்பது வெளியே எட்டிப் பார்க்கும்.

வட்டியை ‘வங்கி டெபாசிட் வட்டி’ என்ற தலைப்பில் சேர்த்துக் கலந்துவிட்டால் என்ன செய்வது? அப்போது வங்கி டெபாசிட்டின் சராசரித் தொகையை அன்றைய வட்டி விகிதத்தால் பெருக்கிப் பார்க்கவேண்டும். வரவேண்டியதைவிட வந்தது அதிகமாக இருந்தால், அந்த உபரிக்கு வேறு ஊற்று இருக்கிறது. வட்டியே வாங்காமல் கொடுத்திருந்தால் இந்தக் கருவி செல்லாது. அப்போது மிச்சமிருப்பது அலுப்பான வழி: வங்கிக் கணக்கு அறிக்கையை மார்ச் 31 பக்கத்தில் மட்டும் பார்க்காமல் ஆண்டு முழுக்க, குறைந்தபட்சம் ஒவ்வொரு காலாண்டின் கடைசி ஒரு வாரமும் அடுத்த காலாண்டின் முதல் ஒரு வாரமும், வரிவரியாகப் பார்ப்பது. 30-ஆம் தேதி வந்த உருண்டைத் தொகை ஒன்று, 1-ஆம் தேதியோ 3-ஆம் தேதியோ அதே பெயருக்குத் திரும்பிப் போயிருந்தால், அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டுவிடலாம்.

பெயர் கிடைத்த பிறகு, அந்தக் கம்பெனி யாருடையது என்று பார்ப்பது மூன்றாவது படி. இந்தியாவில் இதற்கு நல்ல வசதி உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் 100 ரூபாய் கட்டினால், எந்தக் கம்பெனியின் பொது ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அனுபவமுள்ள ஆடிட்டர் அங்கே என்ன தேடுவார்? பதிவு அலுவலக முகவரி, கடன் கொடுத்த குழுமத்தின் ஏதாவது ஒரு கம்பெனியின் முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்ப்பார். ஒரே கட்டடம், ஒரே மாடி, அறை எண் மட்டும் வேறு என்பது அடிக்கடி கிடைக்கும். அடுத்து இயக்குநர்கள். அவர்கள் வேறு எந்தக் கம்பெனிகளில் இருக்கிறார்கள், அந்தப் பெயர்கள் குழுமத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கின்றனவா? பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு இயக்குநராக இருக்கும் ஒருவர், குழுமத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் மாதச் சம்பளம் வாங்குகிறவராகவும் இருந்தால் கதை கிட்டத்தட்ட முடிந்தது.

பிறகு ஆண்டு அறிக்கைப் படிவத்தில் பங்குதாரர் பட்டியல். அந்தப் பங்குதாரர் இன்னொரு கம்பெனியாக இருந்தால் அதன் பங்குதாரர், அதற்கும் மேலே இன்னொன்று என்று ஏறிக்கொண்டே போகவேண்டும். ஏணியின் இரண்டாம் படியிலேயே சலித்துப்போய் நிறுத்திவிடுவதுதான் நடைமுறையில் நிறைய நடக்கிறது. மறைப்பவர்களுக்கும் அது தெரியும். அதனால் முக்கியமான பெயரை மூன்றாம் நான்காம் படியில் வைப்பார்கள். கடைசியாக, கடன் வாங்கிய கம்பெனியின் சொந்த பேலன்ஸ் ஷீட். பங்கு மூலதனம் ஒரு லட்சம், ஊழியர் செலவு சொற்பம், விற்பனை ஏதுமில்லை, ஆனால் கடன் நூறு கோடி, அந்த நூறு கோடியும் அப்படியே ‘கொடுத்த கடன்கள்’ தலைப்பில் வேறு எங்கோ போயிருக்கிறது என்றால், அது தொழில் செய்யும் கம்பெனி அல்ல. பணம் கடந்துபோகும் வாய்க்கால்.

சரக்கு விற்பவர், ஒப்பந்தக்காரர் வழியாகப் பணம் வெளியே போகும் கம்பெனிகளில் தேடல் வேறு மாதிரி இருக்கும். சப்ளையர் பட்டியலையும் ஊழியர் பட்டியலையும் எதிரெதிரே வைத்து வங்கிக் கணக்கு எண், தொலைபேசி எண், முகவரி, பான் எண் எது பொருந்துகிறது என்று கணினியில் பார்ப்பார்கள். ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை இருப்பது அந்த வியாபாரியின் பான் எண். எனவே சப்ளையர் தன் பானைத் தனியாகத் தராவிட்டாலும் பில்லிலேயே அது இருக்கிறது. இயக்குநரின் தம்பி தனி முதலாளியாக ஒரு கடை நடத்தினால், கடையின் பெயர் என்னவாக இருந்தாலும் அந்த எண்ணுக்குள் இருப்பது தம்பியின் சொந்தப் பான்தான்.

நான்காவதாக, இந்தக் கடனைக் கொடுக்க யார் முடிவெடுத்தது? என்னைக் கேட்டால், உறவைத் தேடுவதைவிட இந்தக் கேள்வி பல சமயம் சீக்கிரம் பலன் தரும். பத்துக் கோடிக்கு இயந்திரம் வாங்க மூன்று கொட்டேஷன், இரண்டு கமிட்டி என்று ஓடும் கம்பெனியில், நூறு கோடி ரூபாய்க் கடன் ஒரு அதிகாரியின் கையெழுத்தில் போயிருந்தால், அந்த அதிகாரிக்கு அவ்வளவு தைரியம் தானாக வந்திருக்காது. கடன் வாங்குபவரின் திருப்பிச் செலுத்தும் சக்தியை யாராவது ஆராய்ந்தார்களா, அடமானம் என்ன, மினிட்ஸ் புத்தகத்தில் விவாதம் நடந்ததற்கு அடையாளம் உண்டா, இல்லை ‘பரிசீலித்து ஏற்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியா? ஃபோர்ட்டிஸ் விசாரணையும் நடைமுறையில் இருந்த ஓட்டைகளையும் கட்டுப்பாடுகளை மீறி நடந்தவற்றையும் குறிப்பிட்டுச் சொன்னது.

இந்த இடத்தில் ஆடிட்டர்கள் அடிக்கடி ஏமாறுவது பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதத்தில். கடன் வாங்கியவருக்குக் கடிதம் எழுதி, ‘நீங்கள் இவ்வளவு தரவேண்டும், சரிதானா?’ என்று கேட்கிறார்கள். ‘சரிதான்’ என்று முத்திரையோடு பதில் வருகிறது. கோப்பில் வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். வாய்க்கால் கம்பெனி இந்தக் கேள்விக்கு எப்போதும் உண்மையான பதிலைத்தான் சொல்லும், ஏனென்றால் பாக்கி உண்மை. பொய்யாக இருப்பது அவர்கள் அந்நியர்கள் என்ற கதைதான். அதைக் கடிதத்தில் யாரும் கேட்கவே இல்லை. நிபந்தனைகள் என்ன, அடமானம் என்ன, பக்க ஒப்பந்தம் ஏதாவது உண்டா, பணம் எதற்காக வாங்கினீர்கள் என்றெல்லாம் கேட்டால்தான் அந்தக் கடிதத்துக்குப் பொருள் வரும். வங்கிக்கும் தனியாக எழுதி, யாருக்காவது கம்பெனி ஜாமீன் கொடுத்திருக்கிறதா என்று கேட்கவேண்டும். அண்ணன் கம்பெனியின் கடனுக்குத் தம்பி கம்பெனி ஜாமீன் நின்றது பல நேரம் வங்கியின் பதிலில்தான் முதலில் தெரியவரும்.

ஒரு பெயர் உறுதியாகிவிட்டால் தணிக்கையின் போக்கே மாறவேண்டும். குழுவில் எல்லோருக்கும் உடனே சொல்லவேண்டும். ஏனென்றால் சரக்குக் கணக்கைப் பார்க்கிற பெண்ணின் கோப்பிலும் அதே பெயர் இருக்கலாம், அவருக்கு அது முக்கியமென்று தெரிந்திருக்காது. அந்தத் தரப்போடு நடந்த எல்லாப் பரிவர்த்தனைகளையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கவேண்டும். பட்டியலிலிருந்து இந்தப் பெயர் எப்படித் தப்பியது என்றும் கேட்கவேண்டும். வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று பட்டால், அதே நிர்வாகம் வேறு விஷயங்களில் கொடுத்த உறுதிமொழிகளையும் மறுபடி எடைபோட்டாகவேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கசப்பான வேலை. ஒரு பொய்யைக் கண்டுபிடித்த பிறகு மிச்சக் கோப்பையெல்லாம் பழைய நம்பிக்கையோடு மூடமுடியாது.

இதற்கெல்லாம் பிறகு, ஆண்டறிக்கையின் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சோதிப்பது. உறவின் தன்மை, பரிவர்த்தனைத் தொகை, பாக்கி, அதன் நிபந்தனைகள், வராக்கடனுக்கு ஒதுக்கிய தொகை ஆகியவை அங்கே இருக்கவேண்டும். இங்கே இரண்டு தந்திரங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, கூட்டிக் கழித்து எழுதுவது. நூறு கோடி நான்குமுறை போய் நான்குமுறை வந்தால் கொடுத்தது 400 கோடி, வந்தது 400 கோடி என்று இரண்டு வரியாகக் காட்டவேண்டும். கழித்தால் பூஜ்யம்தானே என்று குறிப்பையே விட்டுவிடுவார்கள். இதைப் பிடிக்க, ஆடிட்டர் குறிப்பிலிருந்து லெட்ஜருக்குப் போனால் போதாது; லெட்ஜரிலிருந்து குறிப்புக்கும் வரவேண்டும். முன்னது எழுதியது சரியா என்று சொல்லும், பின்னது எழுதாமல் விட்டது என்ன என்று சொல்லும்.

இன்னொன்று, ‘சந்தை விலையில்தான் செய்தோம்’ என்ற வாக்கியம். நிரூபிக்க முடிந்தால் மட்டுமே அப்படி எழுதலாம் என்று தரநிலை சொல்கிறது. நிர்வாகம் வழக்கமாக வட்டி விகிதத்தைக் காட்டும்: வங்கி 9 சதவீதம் தருகிறது, நாங்கள் 10 வாங்கினோம், கம்பெனிக்கு லாபம்தானே? விலை மட்டும் ஒத்துப்போனால் போதாது. ஒரு லட்சம் மூலதனமுள்ள, வருமானமே இல்லாத கம்பெனிக்கு அடமானம் இல்லாமல் நூறு கோடியை 10 சதவீதத்துக்கு எந்த அந்நியர் கொடுப்பார்? கொடுக்கவே மாட்டார் என்பதுதான் சந்தை விலை.

காபி டே நிறுவனத்தின் கதை இதே கணக்கின் மறுபக்கம். அங்கே உறவு ரகசியமே அல்ல. மைசூர் அமால்கமேட்டட் காபி எஸ்டேட்ஸ் என்பது நிறுவனர் வி.ஜி. சித்தார்த்தாவின் குடும்பத்துக்குச் சொந்தமானது என்று எல்லோருக்கும் தெரியும். ஆண்டறிக்கையிலும் அதற்கு இடம் இருந்தது. 2019 மார்ச் 31 கணக்கில் அது குழுமத்துக்குத் தரவேண்டியதாக இருந்தது 842 கோடி. அந்த ஜூலை இறுதியில் சித்தார்த்தா இறந்தார். பிறகு நடந்த விசாரணையின் அறிக்கை 2020 ஜூலையில் வெளிவந்தபோது, தரவேண்டிய தொகை 3,535 கோடி என்று தெரிந்தது. கணக்கு மூடிய நாளின் எண்ணுக்கும் அதற்குச் சில மாதம் கழித்து இருந்த எண்ணுக்கும் இடையே 2,693 கோடி வித்தியாசம். உறவை வெளிப்படையாகச் சொல்லிவிட்டாலும் ஒரு நாளின் பாக்கியை மட்டும் பார்ப்பது எவ்வளவு குறைவான பார்வை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆடிட்டர் எட்டமுடியாத இடம் ஒன்று உண்டு. கடன் வாங்கிய அந்நியக் கம்பெனியின் வங்கிக் கணக்கைப் பார்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. செபியால் முடியும், புலனாய்வு அமைப்புகளால் முடியும். அதனால்தான் ஃபோர்ட்டிஸ் பணம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை ஒரு ஒழுங்குமுறை அமைப்பின் உத்தரவில் படிக்கிறோம், தணிக்கை அறிக்கையில் அல்ல. இந்த இடைவெளியை அடைக்க 2021-22 நிதியாண்டிலிருந்து ஒரு விதி வந்தது. ‘வேறொருவருக்குக் கைமாற்றிக் கொடுக்கவேண்டும் என்ற புரிதலோடு எந்த இடைத்தரகருக்கும் பணம் தரவில்லை’ என்று நிர்வாகம் எழுதித் தரவேண்டும். சோதித்துப் பார்த்ததில் அந்த உறுதிமொழி தவறென்று நம்ப எதுவும் கண்ணில் படவில்லை என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லவேண்டும். செபியும் தன் பங்குக்கு, 2023 ஏப்ரல் 1 முதல், அந்நியரோடு செய்யும் பரிவர்த்தனையாக இருந்தாலும் அதன் நோக்கமும் விளைவும் தொடர்புடைய தரப்புக்குப் பலன் தருவதே என்றால் அதையும் தொடர்புடைய தரப்புப் பரிவர்த்தனையாகவே எடுத்துக்கொள்ளச் சொன்னது. ‘அப்போது அவர்கள் அந்நியர்கள்தானே’ என்ற பதிலுக்கு இனி முன்புபோல மதிப்பில்லை. முதல் விதியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஏமாற்றத் துணிந்தவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடத் தயங்கமாட்டார். ஆனால் அந்தக் கேள்வியைச் சோதித்ததாக எழுதவேண்டிய கட்டாயம் வந்ததால், வாய்க்கால் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டைக் கேட்டு வாங்க ஆடிட்டருக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கிறது. முன்பு கேட்டால் ‘அதெல்லாம் எங்களுக்கு எப்படிக் கிடைக்கும்?’ என்ற பதிலோடு முடிந்துபோகும்.

கையில் நூறு பங்கு வைத்திருப்பவரும் இதில் கொஞ்சம் பார்க்கமுடியும். ஆண்டறிக்கையில் தொடர்புடைய தரப்புக் குறிப்பைத் திறந்து, மார்ச் 31 பாக்கிக்குப் பதில் ஆண்டுக்குள் கொடுத்த மொத்தத் தொகை, திரும்பிவந்த மொத்தத் தொகை என்ற வரிகளைப் பாருங்கள். இயக்குநர்களுக்கு அக்கறையுள்ள நிறுவனங்களுக்குக் கடன் தந்திருந்தால், ஆண்டில் அது தொட்ட உச்ச அளவையும் பட்டியலிட்ட கம்பெனி சொல்லியாகவேண்டும். பிறகு வட்டி வருமானக் குறிப்பு. அங்கே ‘மற்றவை’ என்ற வரி வங்கி வட்டியைவிடப் பெரிதாக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து, அந்த வட்டியைக் கொடுத்தவர் பெயரைக் கேட்கலாம். பெயர் சொல்லிவிட்டால், மிச்சத்தை அமைச்சக இணையதளத்தில் பார்க்க ஆகும் செலவு அதே 100 ரூபாய்தான்.